சொல்லை மாற்றியது எது? அரட்டைப் பெட்டியில் தமிழ் எழுதுபவர்களுக்கான விசைப்பலகை வழிகாட்டி

திருமண வீட்டார் ஒருவர் குடும்பக் குழுவில் "மண்டபத்தில் 12ஆம் அறை நம்முடையது" என்று எழுத நினைக்கிறார். அனுப்பிய பிறகு பார்த்தால் "12ஆம் அரை நம்முடையது" என்று நிற்கிறது. கைபேசியில் தமிழ் எழுதுகிற எல்லோருக்கும் இது பழகிய தொல்லை. கோபத்தில் பலர் விசைப்பலகையின் எல்லா உதவிகளையும் ஒரேயடியாக அணைத்துவிடுகிறார்கள். அப்படி அணைத்தும் "அரை" மீண்டும் வரும். ஏனென்றால் அந்தத் தவற்றைச் செய்தது தானியங்கித் திருத்தமே அல்ல.

விசைப்பலகைக்குள் நம் சொல்லில் கை வைக்கும் வேலையைப் பல பகுதிகள் தனித்தனியாகச் செய்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி அமைப்பு இருக்கிறது. எந்தப் பகுதி கெடுத்தது என்று தெரிந்துகொண்டு அதை மட்டும் சரிசெய்வதுதான் வழி. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் பெரும்பாலும் இருக்கும் ஜிபோர்டை வைத்து இங்கே விளக்குகிறேன். ஐபோனும் சாம்சங்கும் பயன்படுத்துபவர்களுக்குப் பிற்பகுதியில் தனியாகச் சொல்கிறேன்.

எப்போது மாறியது என்று பாருங்கள்

வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே செய்தி அனுப்பும் வசதி இருக்கிறது. அதைத் திறந்து, வழக்கமாகத் தகராறு செய்யும் வாக்கியத்தை மெதுவாக அடியுங்கள். அனுப்ப வேண்டாம். ஒவ்வொரு சொல்லும் எந்த நொடியில் மாறுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

நீங்கள் அடித்த சொல் கண்ணெதிரே சரியாக நின்று, இடைவெளியோ காற்புள்ளியோ அடித்தவுடன் வேறு சொல்லாக மாறினால், அது தானியங்கித் திருத்தம். அது பரிந்துரைப் பட்டையில் முன்கூட்டியே தெரியவும் செய்யும். விசைகளுக்கு மேலே உள்ள அந்தப் பட்டையின் நடுவில் சற்றுத் தடித்து நிற்கும் சொல்தான் இடைவெளி அடித்ததும் உள்ளே போகப்போகிறது. நீங்கள் அடித்தது அப்படியே ஓரத்தில் இருக்கும். ஓரத்தில் உள்ளதைத் தொட்டால் திருத்தம் நடக்காது.

சொல்லை முடிப்பதற்குள் விரல் பட்டையில் பட்டு, நினைக்காத சொல் ஒன்று நுழைந்தால் அது முன்கணிப்பு. இங்கே இயந்திரம் எதையும் மாற்றவில்லை. காட்டியதை நாம் தொட்டுவிட்டோம், அவ்வளவுதான்.

இனி மூன்றாவது வகை. ஆங்கில எழுத்துகளில் அடித்துத் தமிழில் பெறுகிறீர்கள் என்றால், இடைவெளி அடிக்கும்வரை உங்கள் கையில் இருப்பது தமிழ்ச் சொல்லே அல்ல. `arai` என்ற நான்கு எழுத்துகள்தான். அதை அரை என்று எடுப்பதா அறை என்று எடுப்பதா என்பதை விசைப்பலகை தேர்ந்தெடுக்கிறது. திருமண வீட்டாரின் சிக்கல் இந்த வகை. தானியங்கித் திருத்தத்தை அணைத்தாலும் இந்தத் தேர்வு நின்றுவிடாது.

சொல் மாறாமல், அடியில் சிவப்புக் கோடு மட்டும் விழுந்தால் அது எழுத்துப்பிழை காட்டும் பகுதி. அது எதையும் தானாக மாற்றாது. தமிழ்ச் சொற்களுக்கெல்லாம் கோடு போட்டு எரிச்சலூட்டினால் அணைத்துவிடுங்கள், எழுதுவது கெடாது.

அமைப்புகள் எங்கே இருக்கின்றன

அரட்டைப் பெட்டியில் விரலை வைத்து விசைப்பலகையை வரவழையுங்கள். காற்புள்ளி விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் பற்சக்கர அடையாளம் தோன்றும். விரலை எடுக்காமல் அதன்மேல் நகர்த்தினால் ஜிபோர்டின் அமைப்புப் பக்கம் திறக்கும். அங்கே நமக்கு வேண்டியவை நான்கு: `Languages`, `Text correction`, `Dictionary`, `Privacy`. புதிய பதிப்புகளில் `Text correction` என்பது `Corrections & suggestions` என்ற பெயரில் இருக்கும். சில கைபேசிகளில் `Privacy` இருக்க வேண்டிய இடத்தில் `Advanced` என்று பார்க்கலாம். பெயர் மாறினாலும் உள்ளே உள்ளவை ஏறக்குறைய அவையேதான்.

முதலில் `Languages` பகுதிக்குப் போங்கள். ஆங்கிலம் `English (US)` என்று இருந்தால் அதை நீக்கிவிட்டு `English (India)` சேருங்கள். அமெரிக்க ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு `colour` என்று எழுதினால், அது பிழை என்று விசைப்பலகை நினைத்துக்கொள்ளும். தமிழுக்கு, தமிழ் எழுத்து விசைகள் கொண்ட அமைப்பும், `abc → தமிழ்` என்று காட்டும் அமைப்பும் தனித்தனியாக இருக்கின்றன. எது கைக்கு வருகிறதோ அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்தாத மொழிகளைப் பட்டியலில் விட்டுவைத்தால், மொழி மாற்றும்போது ஒவ்வொன்றாகத் தாண்டிப் போக வேண்டியிருக்கும். அவசரத்தில் தவறான அமைப்பில் நின்று அடித்துக்கொண்டிருப்போம்.

தானியங்கித் திருத்தம் வேண்டுமா, வேண்டாமா

இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. நீங்கள் எதை அதிகம் எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

திருத்தம் செய்யும் பகுதி மூன்று விஷயங்களைப் பார்க்கிறது: விரல் பட்ட இடத்துக்கு அருகில் வேறு எந்த விசைகள் இருக்கின்றன, அந்த எழுத்துக்கூட்டலுக்கு நெருக்கமான எந்தச் சொற்கள் தன்னிடம் இருக்கின்றன, முன்னால் உள்ள சொல்லோடு எது சேரும். ஆங்கிலத்துக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. ஆங்கிலச் சொல் பெரும்பாலும் பட்டியலில் இருக்கும் உருவிலேயே வாக்கியத்திலும் வரும்.

தமிழ் அப்படியில்லை. வா என்ற ஒரு வினையிலிருந்து வந்துகொண்டிருக்கிறார்களாம், வரவிடமாட்டேனென்று, வந்தவர்களுக்கெல்லாம் என்று எத்தனை உருவங்களை நாம் யோசிக்காமலே உருவாக்குகிறோம்! வேற்றுமை உருபு, காலம், இடம், ஐயம், அழுத்தம் எல்லாம் ஒரே சொல்லோடு ஒட்டிக்கொள்கின்றன. இவை அனைத்தையும் எந்தப் பட்டியலும் கொண்டிருக்க முடியாது. பட்டியலில் இல்லாத சரியான சொல்லைப் பிழை என்று எண்ணி, அதற்கு அருகிலுள்ள வேறொன்றாக மாற்றும் ஆபத்து தமிழில் அதிகம். நீளமான சொற்களை எழுதுபவர்களுக்குத்தான் இது அடிக்கடி நேரும்.

தமிழை ஆங்கில எழுத்திலேயே எழுதி அப்படியே அனுப்புபவர்கள் நிலைமை இன்னும் மோசம். `enna`, `illa`, `seri` எல்லாம் ஆங்கில விசைப்பலகையின் கண்ணுக்குப் பிழையான ஆங்கிலம்தான். ஒவ்வொன்றையும் ஏதாவது ஓர் ஆங்கிலச் சொல்லாக்கப் பார்க்கும்.

ஆகவே தமிழில் அதிகம் எழுதுபவர்கள் `Auto-correction` என்பதை அணைத்துவிட்டு, பரிந்துரைப் பட்டையை மட்டும் விட்டுவைப்பது நல்லது என்பது என் கருத்து. பட்டை தொடர்ந்து சொற்களைக் காட்டும். தொட்டால்தான் உள்ளே வரும். முடிவு உங்கள் விரலில் இருக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில் அலுவலகச் செய்திகள் எழுதி, இடையிடையே தமிழ் எழுதுபவராக இருந்தால் திருத்தத்தை விட்டுவைக்கலாம். அப்போது ஒரு பழக்கம் வேண்டும்: சொல் மாறியதைப் பார்த்த அந்தக் கணமே அழிக்கும் விசையை ஒருமுறை தட்டுங்கள், நீங்கள் முதலில் அடித்தது திரும்ப வந்துவிடும். இன்னொரு சொல்லை அடித்த பிறகு தட்டினால் வெறும் எழுத்துதான் அழியும்.

"அரை"யை "அறை" ஆக்குவது

`abc → தமிழ்` அமைப்பில் அந்தத் திருமண வீட்டுச் செய்தியை அடித்துப் பார்ப்போம்.

```
mandapaththil 12aam arai nammudaiyathu
```

முதல் சொல்லில் பெரும்பாலும் சிக்கல் இருக்காது. அந்த ஒலிக்கு வேறு பொருளுள்ள தமிழ்ச் சொல் இல்லாததால், மண்டபத்தில் என்பதே முதலில் வந்து நிற்கும். கடைசிச் சொல்லும் அப்படித்தான். நடுவில் இருக்கும் `arai` தான் கண்ணி. ஆங்கிலத்தின் `r` ஒன்றுக்கு நம்மிடம் ர, ற என இரண்டு எழுத்துகள். அரை, அறை இரண்டும் வழக்கில் உள்ள நல்ல சொற்கள். எது அதிகம் புழங்குகிறதோ, எதை நீங்கள் முன்பு தேர்ந்தெடுத்தீர்களோ, அது முதலில் நிற்கும். இடைவெளி விசை எப்போதும் முதலில் நிற்பதைத்தான் எடுக்கும்.

எனவே இத்தகைய சொல்லில் இடைவெளி அடிப்பதற்கு முன் பட்டையைப் பாருங்கள். அறை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ இருக்கும், அதைத் தொடுங்கள். பட்டையில் காணாவிட்டால் ஓரத்தில் உள்ள அம்புக்குறியைத் தட்டி முழுப் பட்டியலையும் விரிக்கலாம். சில முறை இப்படித் தேர்ந்தெடுத்தால் விசைப்பலகை அதை நினைவில் வைத்து முன்னால் கொண்டுவரும். இது நடக்க வேண்டுமென்றால் `Personalization` என்ற அமைப்பு இயக்கத்தில் இருக்க வேண்டும். அதை அணைத்து வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் முதல் நாள் போலவேதான் இருக்கும்.

ஆனால் இதிலும் எல்லை உண்டு. அறையை முன்னால் கொண்டுவந்துவிட்டால், அடுத்த வாரம் "அரை கிலோ தக்காளி" என்று எழுதும்போது "அறை கிலோ" வந்து நிற்கக்கூடும். இரண்டும் உங்களுக்கு வேண்டிய சொற்களாக இருக்கும்போது எந்த அமைப்பும் இதைத் தீர்க்காது; கண்தான் தீர்க்கும். இப்படிப்பட்ட சொற்கள் எண்ணற்றவை அல்ல. மனம், மணம், பனி, பணி, கரி, கறி, பலம், பழம், விலை, விளை, அலை, அழை. ன, ண, ந. ல, ள, ழ. ர, ற என்ற இந்த மூன்று கூட்டங்களில் வரும் குறுகிய சொற்களில் மட்டும் நின்று பார்த்தால் போதும். நீளமான சொற்களில் விசைப்பலகை பெரும்பாலும் சரியாகவே தேர்ந்தெடுக்கும்.

இந்தக் குழப்பமே வேண்டாம் என்பவர்களுக்குத் தமிழ் எழுத்து விசைகள் கொண்ட அமைப்பு இருக்கிறது. அதில் ர வேறு விசை, ற வேறு விசை. பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும். பழகியபின் இந்தத் தேர்வே தேவைப்படாது.

தவறாகக் கற்றுக்கொண்ட சொற்கள்

பரிந்துரைப் பட்டையில் வரும் சொல் சரியானதாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். மக்கள் எழுதுவதிலிருந்தும் நீங்கள் எழுதுவதிலிருந்தும் அது கற்றுக்கொள்கிறது. நீங்கள் அவசரத்தில் இரண்டு மூன்று முறை "மனமகன்" என்று அனுப்பியிருந்தால், அடுத்த முறை "மன" என்று தொடங்கியவுடனே மனமகனைக் கொண்டுவந்து நிறுத்தும். திருத்தம் செய்ததை நீங்கள் அழித்துவிட்டுப் பழைய பிழையையே மறுபடி அடித்தாலும், அது உங்களுக்கு வேண்டிய சொல் என்று எடுத்துக்கொள்ளும்.

நீக்குவது எளிது. அந்தச் சொல் பட்டையில் தோன்றும்வரை அடியுங்கள். தோன்றியதும் அதன்மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். குப்பைத்தொட்டி அடையாளம் தெரியும். சொல்லை அதற்குள் இழுத்துப் போட்டால் பட்டையிலிருந்து போய்விடும். பிறகு மணமகன் என்பதை நிதானமாக அடித்து அனுப்புங்கள். மீண்டும் மனமகன் தலைகாட்டினால், அது உங்கள் தனி அகராதியில் உட்கார்ந்திருக்கக்கூடும். அப்படியானால் அங்கே போய்த்தான் எடுக்க வேண்டும்.

தனி அகராதியை முறையாக நிரப்புவது

`Dictionary` பகுதிக்குள் `Personal dictionary` இருக்கிறது. திறந்தால் மொழிவாரியாகப் பிரிந்திருக்கும். எல்லா மொழிகளுக்கும் பொதுவான பட்டியலும் உண்டு. பலர் தடுமாறும் இடம் இதுதான். வீட்டுப் பெயரை ஆங்கிலப் பட்டியலில் சேர்த்துவிட்டு, தமிழில் எழுதும்போது வரவில்லையே என்று தேடுவார்கள். தமிழ் எழுத்தில் உள்ள சொல்லைத் தமிழ்ப் பட்டியலிலும், ஆங்கில எழுத்தில் உள்ள பெயரை ஆங்கிலப் பட்டியலிலும் சேர்க்க வேண்டும். ஒரே பெயரை இரண்டு விதமாகவும் எழுதுபவர் இரண்டிலும் சேர்க்கலாம்.

கூட்டல் அடையாளத்தைத் தட்டினால் இரண்டு கட்டங்கள் வரும். முதலாவதில் சொல். இரண்டாவதில் சுருக்கம், அது கட்டாயமில்லை.

எதைச் சேர்க்க வேண்டும்? நீங்கள் அடிக்கடி எழுதுகிற, உலகத்துக்குத் தெரியாத சொற்கள். உறவினர் பெயர்கள், ஊர்ப்பெயர், தெருப்பெயர், தொழிலில் புழங்கும் சொற்கள். ஆங்கிலத்தில் தன் பெயரை `Thenmozhi` என்று எழுதுபவரும், அதையே `Thaenmozhi` என்று எழுதுபவரும் இருக்கிறார்கள். நீங்கள் எழுதும் உருவைச் சேர்த்துவிட்டால் விசைப்பலகை அதைப் பிழையாக நினைக்காது. திருத்தத்தை இயக்கத்தில் வைத்திருப்பவர்களுக்கு இதுவே முதல் வேலையாக இருக்கட்டும். பொதுவான சொற்களை இங்கே கொட்ட வேண்டாம். பிழையாக ஒரு சொல்லைச் சேர்த்தால், அந்தப் பிழைக்கு நீங்களே அனுமதி கொடுத்ததாகிவிடும்.

சுருக்கம் என்பது இன்னும் பெரிய வசதி. "நான் இப்போது வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், பிறகு அழைக்கிறேன்" என்ற வாக்கியத்தை முதல் கட்டத்திலும் `vvo` என்பதை இரண்டாவதிலும் இட்டு வையுங்கள். அரட்டைப் பெட்டியில் `vvo` அடித்தால் முழு வாக்கியமும் பட்டையில் வரும். தொட்டால் உள்ளே போகும். இந்தச் சுருக்கம் ஆங்கில எழுத்தில் இருப்பதால், ஆங்கில விசைகளில் இருந்துகொண்டு அடிக்க வேண்டும். எனவே இதை ஆங்கிலப் பட்டியலிலோ பொதுப் பட்டியலிலோ வைப்பதுதான் சரி. வீட்டு முகவரி, கடை திறக்கும் நேரம் போன்றவற்றுக்கும் இது பொருந்தும். சுருக்கமாக உண்மையான சொல் எதையும் வைக்காதீர்கள். `add` என்று வைத்தால், அந்த ஆங்கிலச் சொல்லை எழுதும்போதெல்லாம் முகவரி வந்து நிற்கும். எந்தச் சொல்லிலும் சேர்ந்து வராத எழுத்துகளாகப் பாருங்கள்.

வங்கிக் கணக்கின் கடவுச்சொல், ரகசிய எண், ஆதார் எண் ஆகியவற்றை இங்கே ஒருபோதும் வைக்க வேண்டாம். தனி அகராதிக்குப் பூட்டு கிடையாது. திறந்த கைபேசியை ஒரு நிமிடம் வாங்கிப் பார்ப்பவர் அத்தனையையும் படித்துவிடலாம்.

சில சிறிய அமைப்புகள்

`Autospace after punctuation` என்பது நிறுத்தக்குறிக்குப் பின் தானாக இடைவெளி விடும். ஆங்கிலத்துக்கு வசதி. வ.உ.சி. என்று எழுதினால் எழுத்துகள் விலகிப்போகும். இணைய முகவரியைக் கையால் அடித்தால் உடைந்துவிடும். தமிழ்த் தலைப்பெழுத்துகளை நிறைய எழுதுபவர்கள் இதை அணைத்துவிடலாம். `Auto-capitalization` தமிழ் எழுத்துகளைத் தொடாது. ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுபவர்களுக்குத்தான் வாக்கியத் தொடக்கத்தில் பெரிய எழுத்து வந்து நிற்கும், பிடிக்காவிட்டால் அணையுங்கள். `Double-space period` இடைவெளியை இருமுறை தட்டினால் முற்றுப்புள்ளி இடும். இது தமிழிலும் பயனுள்ளது.

வயதானவர்களின் கைபேசியை அமைத்துத் தருபவர்கள் `Show emoji suggestions` என்பதையும் பார்த்துவிடுங்கள். பட்டையில் சொற்களுக்கு நடுவே முகக்குறி வந்து நிற்கும்போது நடுங்கும் விரல் அதில் பட்டுவிடும். துக்கம் விசாரிக்கும் செய்தியில் சிரிக்கும் முகம் போய்ச் சேர்ந்தால் எழுதியவர் எவ்வளவு வருந்துவார்! அதை அணைத்துவிட்டால் அந்த ஆபத்து பெருமளவு குறையும்.

ஐபோனிலும் சாம்சங்கிலும்

ஐபோனில் `Settings`, `General`, `Keyboard` என்ற வரிசையில் போனால் `Auto-Correction`, `Predictive Text` இரண்டும் தனித்தனியாக இருக்கும். மேலே சொன்ன அதே காரணத்தால் முதலாவதை அணைத்து இரண்டாவதை வைத்துக்கொள்ளலாம். தனி அகராதியின் வேலையை அங்கே `Text Replacement` செய்கிறது. ஆனால் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு: ஐபோனில் சுருக்கத்தை அடித்து இடைவெளி விட்டவுடன் வாக்கியம் தானாகவே விரிந்துவிடும். எனவே சுருக்கத்தைத் தேர்ந்தெடுப்பதில் அங்கே இரட்டைக் கவனம் வேண்டும். ஒரு பெயரைத் திருத்தாமல் விடச் செய்ய, இரண்டு கட்டங்களிலும் அதே பெயரை எழுதி வைக்கலாம். ஐஓஎஸ் 17 முதல், தானாக மாற்றிய சொல்லின் அடியில் சற்று நேரம் கோடு தெரியும். அதைத் தொட்டால் நீங்கள் அடித்த பழைய சொல் திரும்பக் கிடைக்கும்.

சாம்சங்கின் சொந்த விசைப்பலகையில் `General management` வழியாக `Samsung Keyboard settings` போக வேண்டும். அங்கே திருத்தத்தின் பெயர் `Auto replace`. இதில் மொழிவாரியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்பது பெரிய வசதி. ஆங்கிலத்துக்கு மட்டும் இயக்கித் தமிழுக்கு அணைத்துவிடுங்கள். இரு மொழியிலும் எழுதுபவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. சுருக்கங்கள் `Text shortcuts` என்ற பெயரில் இருக்கும்.

எல்லாவற்றையும் அழித்துத் தொடங்குவது

ஒரே கைபேசியைப் பலர் பயன்படுத்தியிருந்தாலோ, பல ஆண்டுப் பிழைகள் சேர்ந்துபோய் ஒவ்வொன்றாக எடுக்க முடியாத நிலை வந்தாலோ, கற்றவற்றை மொத்தமாக அழிக்கலாம். ஜிபோர்டின் `Privacy` பகுதியில் `Delete learned words and data` இருக்கிறது. தட்டினால் ஓர் எண்ணைக் காட்டி, அதை நீங்களே அடித்து உறுதிசெய்யச் சொல்லும். ஐபோனில் `Transfer or Reset iPhone` என்பதற்குள் `Reset`, அதற்குள் `Reset Keyboard Dictionary`. அந்த வரிசையில் மற்ற அழிப்புகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. சரியான வரியில்தான் விரல் இருக்கிறதா என்று படித்துப் பார்த்துத் தட்டுங்கள்.

இதைச் செய்தபின் சில வாரங்களுக்குப் பரிந்துரைகள் பொதுவானவையாக இருக்கும். விசைப்பலகை தானாகக் கற்றிருந்த உங்கள் வீட்டுச் சொற்கள் வராது. அறையும் அரையும் பழைய வரிசைக்கே போயிருக்கும். அந்தக் காலத்தில்தான் பிழைகளை அனுப்பாமல் திருத்தி அனுப்புவது முக்கியம், ஏனென்றால் விசைப்பலகை புதிதாகக் கற்றுக்கொண்டிருக்கிறது. அழிப்பதற்கு முன் தனி அகராதிப் பக்கத்தைத் திறந்து, அதிலுள்ள பெயர்களும் சுருக்கங்களும் தெரியும்படி திரையைப் படமாகப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். புதிய கைபேசிக்கு மாறும்போதும் அந்தப் படத்தைப் பார்த்தே மறுபடி நிரப்பிவிடலாம்.